959 ரூபாயும் 58 ஸ்லைடும்

2023 ஜூலை 31, மாலை ஐந்தரை மணி. பொது ஷிப்ட் முடிந்து பஸ்கள் கிளம்பும் நேரம். எங்கள் எச்.ஆர். அறை வாசலில் ஒரு பையன் செல்போனைக் கையில் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தான். உள்ளே வரச் சொன்னேன். ஒன்றும் பேசாமல் போனை என் பக்கம் திருப்பிக் காட்டினான். வங்கியிலிருந்து வந்த குறுஞ்செய்தி. 959 ரூபாய் வரவு.

"மேடம், இது சம்பளமா?" என்று கேட்டான்.

விழுப்புரம் பக்கத்துப் பையன், ஐ.டி.ஐ. முடித்தவன். ஜூலை 24ஆம் தேதி திங்கட்கிழமை, வண்டிகளுக்குப் பாகம் செய்யும் எங்கள் ஆலையில் டிரெய்னியாகச் சேர்ந்திருந்தான். சம்பளம் மாதம் 16,500. 24 முதல் 31 வரை எட்டு நாள், அதற்கு நாலாயிரத்துச் சொச்சம் வரும் என்று கணக்குப் போட்டு, ஒரகடத்தில் மூன்று பேரோடு எடுத்திருந்த அறைக்கு அட்வான்ஸில் தன் பங்கை ஒன்றாம் தேதி தருவதாக வீட்டுக்காரரிடம் சொல்லிவைத்திருந்தான்.

கணக்கில் தவறு எதுவும் இல்லை. எங்கள் சம்பள மாதம் 26ஆம் தேதி தொடங்கி அடுத்த மாதம் 25ஆம் தேதி முடியும். ஆகவே ஜூலைச் சம்பளத்தில் அவனுக்கு வருவது 24, 25 ஆகிய இரண்டே நாள். ஜூன் 26 முதல் ஜூலை 25 வரை 30 நாள்; 16,500ஐ 30ஆல் வகுத்து இரண்டால் பெருக்கினால் 1,100. அதில் பி.எஃப். 12 சதவீதம் 132, ஈ.எஸ்.ஐ. 0.75 சதவீதம் 9 ரூபாய். மீதி 959. மிச்ச ஆறு நாள் பணம் ஆகஸ்ட் கடைசியில் அந்த மாதச் சம்பளத்தோடு வரும். பேப்பரில் எழுதிக் காட்டியதும் அவனுக்குப் புரிந்துவிட்டது. பிறகு கேட்டான்: "இத முன்னாடியே சொல்லியிருந்தா ஊர்லேர்ந்து கொஞ்சம் பணம் வாங்கிட்டு வந்திருப்பேனே மேடம்."

சொல்லியிருந்தேன் என்பதுதான் விஷயம். 24ஆம் தேதி அறிமுகக் கூட்டத்தில் வரவேற்புரை நிகழ்த்தியது நான்தான். தலைமை அலுவலகம் அனுப்பிய 58 ஸ்லைடு கோப்பை முன்னால் ஓடவிட்டு, ஒவ்வொன்றையும் தமிழில் வாசித்து விளக்கினேன். 31ஆவது ஸ்லைடில் சம்பள மாதம் 26 முதல் 25 வரை, வரவு மாதத்தின் கடைசி வேலைநாளில் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி இருந்தது. அந்த வரியையும் வாசித்தேன். அப்போது நான் பேசத் தொடங்கி அரைமணி நேரம் தாண்டியிருந்தது. அந்தப் பையன் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தான். வாசித்ததற்கும் சொன்னதற்கும் உள்ள வித்தியாசம் அன்று மாலை அந்தப் போன் திரையில் எனக்குத் தெரிந்தது.

அந்த முறை சேர்ந்தவர்கள் குறைவு. ஆடியில் சேரவேண்டாம் என்று வீட்டில் சொல்லிவிட்டதாகப் பலர் தேதியைத் தள்ளிக்கொண்டார்கள். ஆவணியில், செப்டம்பர் 4ஆம் தேதி, 38 பேர் ஒன்றாகச் சேர இருந்தார்கள். அதற்குள் அந்த 58 ஸ்லைடிலிருந்து ஒரு ஒழுங்கான வரவேற்புரை எழுதவேண்டும், அதை ஆலைத் தலைவர் பேசவேண்டும் என்று முடிவானது. நான் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன். உங்கள் அலுவலகத்திலும் இப்படி ஒரு கோப்பைக் கையில் கொடுத்து, இதிலிருந்து பத்து நிமிடப் பேச்சு எழுதித் தரச் சொன்னால் உதவும்.

கணினியில் உட்கார்ந்து ஸ்லைடுகளை மேலும் கீழும் நகர்த்திப் பார்த்ததில் முதல் நாள் வீணானது. திரையில் பார்க்கும்போது எல்லா ஸ்லைடும் ஒரே அளவு, ஒரே அழகு. எதைவிடுவது என்றே தோன்றாது. இரண்டாம் நாள் மொத்தத்தையும் தாளில் எடுத்தேன், ஒரு பக்கத்துக்கு ஆறு வீதம் பத்துத் தாள். கத்தரிக்கோலால் 58 துண்டுகளாக வெட்டி மீட்டிங் அறை மேஜையில் பரப்பினேன். கூடவே `Notes Pages` என்ற வகையிலும் ஒரு பிரதி எடுத்தேன். அதில் ஸ்லைடுக்குக் கீழே பழையவர்கள் எழுதிவைத்த குறிப்புகள் வரும். எங்கள் கோப்பில் நாலைந்து இடத்தில் எனக்கு முன் இருந்தவர் தமிழில் தட்டிவைத்திருந்தார். "இங்கே ஷூ எப்போது கிடைக்கும் என்று கேட்பார்கள்" என்று ஒரு குறிப்பு. ஷூவைப் பற்றி 58 ஸ்லைடில் ஓரிடத்திலும் ஒரு வார்த்தை இல்லை.

அந்தக் குறிப்பு வேறொரு யோசனையைக் கொடுத்தது. புதிதாக வருபவர்கள் எச்.ஆரிடம் கேட்கமாட்டார்கள், கூச்சப்படுவார்கள். கேட் செக்யூரிட்டியிடம் கேட்பார்கள். மெயின் கேட்டில் பதினோரு வருடமாக இருக்கும் அண்ணனிடம் போய், புது ஆட்கள் முதல் வாரத்தில் உங்களிடம் என்னவெல்லாம் கேட்பார்கள் என்று விசாரித்தேன். யோசிக்கவே இல்லை, சரசரவென்று சொன்னார். சாயங்காலம் பஸ் எங்கே நிற்கும், எங்கள் ரூட்டுக்கு எத்தனையாம் நம்பர் பஸ். போனை உள்ளே கொண்டுபோகலாமா. சாப்பாட்டுக்குக் காசு பிடிப்பார்களா. ஐ.டி. கார்டு வரும்வரை எப்படி உள்ளே வருவது. லேட்டானால் திருப்பி அனுப்பிவிடுவார்களா. சம்பளம் என்றைக்கு. பாத்ரூம் எங்கே இருக்கிறது என்று நாலு பேரில் ஒருவர் கேட்பாராம். பெண் பிள்ளைகள் இரண்டாம் ஷிப்ட் முடிந்து போகிற பஸ்ஸில் பாதுகாப்புக்கு யார் வருவார்கள் என்று கேட்பார்களாம்.

இந்தப் பட்டியலை ஒரு தாளில் எழுதி மேஜை நடுவில் வைத்துக்கொண்டு துண்டுகளைப் பிரித்தேன். புதிதாக வருபவர் இன்றைக்கே காதால் கேட்டாகவேண்டியது ஒரு குவியல்: 9 ஸ்லைடு. கையில் தாளாகக் கொடுத்தால் போதும் என்பது 14. பேசிப் புரியவைக்க முடியாது, கூட்டிப்போய்க் காட்டினால்தான் புரியும் என்பது 6. தீயணைப்புக் கருவி, கூடும் இடம், முதலுதவி அறை, கேன்டீன், கழிவறை, பஸ் நிற்குமிடம். அவரவர் பிரிவுக்குப் போனபின் சூப்பர்வைசர் சொல்லிக்கொடுக்கவேண்டியது 11. மீதி 18 ஸ்லைடு நிறுவனம் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்வது. உலக வரைபடம், விருதுகள், தர நிர்ணயச் சான்றிதழ்கள், தொடங்கிய ஆண்டிலிருந்து இன்றுவரை ஒரு நீளமான கோடு. அந்தக் கோட்டிலிருந்து ஒரே ஒரு செய்தியை மட்டும் பேச்சுக்கு எடுத்தேன். நாம் அடிக்கும் பாகம் எந்த வண்டியில், எந்த இடத்தில் போய் உட்காருகிறது என்பது. தங்கள் கையால் செய்யும் பொருள் தெருவில் எந்த வண்டியில் ஓடுகிறது என்று தெரிந்தால் பையன்களுக்கு முகம் மலரும். மற்றதெல்லாம் வரவேற்பறைத் திரையில் ஓடிக்கொண்டே இருக்கட்டும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும். பேச்சிலிருந்து எடுத்துவிட்டதால் அந்த ஸ்லைடு தேவையில்லை என்று ஆகாது. விதிமுறைகளைத் தெரிவித்தோம் என்பதற்குக் கையெழுத்து வாங்கும் தாள்கள் உண்டு. பாதுகாப்புப் பயிற்சிக்குத் தனி நேரம், தனிப் பதிவேடு உண்டு. பத்து நிமிடப் பேச்சு அவற்றுக்கு ஈடாகாது. கோப்பு நிறுவனத்தின் கடமைக்காகத் தயாரானது. பேச்சு, காலையில் ஐந்து மணிக்கு எழுந்து பஸ் பிடித்து வந்து உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கானது. இரண்டையும் ஒரே வேலை என்று நினைத்துத்தான் ஜூலையில் தவறினேன்.

எழுதத் தொடங்குமுன் இன்னொரு வேலை மிச்சமிருந்தது. எடுத்த ஒவ்வொரு ஸ்லைடும் இன்றைக்கும் உண்மைதானா என்று பார்ப்பது. அந்தக் கோப்பைத் தயாரித்து ஐந்து வருடம் ஆகியிருந்தது. ஒவ்வொரு துண்டையும் அதற்குரியவரிடம் நேரில் எடுத்துப்போனேன். மெயிலில் அனுப்பியிருந்தால் "ஓகே" என்று பதில் வந்திருக்கும். துண்டுத்தாளைக் கையில் கொடுத்தால் படித்துப் பார்க்கிறார்கள். பாதுகாப்பு அதிகாரி கூடும் இடத்தின் படத்தைப் பார்த்ததுமே தலையசைத்தார். இரண்டாம் கேட் அருகில் என்று போட்டிருந்த இடத்தில் இப்போது புது ஷெட் எழும்பிவிட்டது; கூடும் இடம் சைக்கிள் ஸ்டாண்டுக்கு எதிரே மாறி ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. அலாரம் அடித்தால் புதிதாக வந்தவர்கள் எங்கே ஓடியிருப்பார்கள் என்று நினைத்துப் பார்த்தேன். கேன்டீன் நேரம் பதினைந்து நிமிடம் மாறியிருந்தது. பஸ் ரூட் ஒன்று நின்றுபோயிருந்தது.

மிகவும் உறுத்தியது 44ஆவது ஸ்லைடு. பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைத்த உள்ளகப் புகார் குழுவின் உறுப்பினர் பட்டியல் அது. ஐந்து பெயர், ஒரு உள் தொலைபேசி எண். ஒரு உறுப்பினர் வேலையை விட்டுப் போயிருந்தார். எண்ணை என் மேஜையிலிருந்தே சுழற்றிப் பார்த்தேன். ஸ்டோரில் மணி அடித்தது; ஒரு ஆண் குரல் எடுத்து, "எந்த பார்ட் வேணும்?" என்றது. தைரியத்தை வரவழைத்துக்கொண்டு ஒரு பெண் அந்த எண்ணைக் கூப்பிட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அன்றைக்கே எண்ணை மாற்றினோம். காலி இடத்துக்கு நிர்வாகம் புது உறுப்பினரை நியமித்து உத்தரவு போட்ட பிறகுதான் அந்த ஸ்லைடைத் தொட்டேன்.

அந்தப் பகுதியை ஆலைத் தலைவர் பேசவேண்டாம், குழுத் தலைவியே வந்து இரண்டு நிமிடம் பேசட்டும் என்று நான் கேட்டுக்கொண்டேன். சட்டப்படி குழுவுக்குப் பெண்தான் தலைமை வகிக்கவேண்டும். பெயர்ப் பட்டியலை யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. முகம் மனத்தில் நிற்கும். அவர் சொல்லவேண்டியதை மூன்று செய்திகளாகச் சுருக்கினோம். டிரெய்னி, ஒப்பந்தத் தொழிலாளர் எல்லோருக்கும் இது பொருந்தும். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் தரலாம். தக்க காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் வரை குழு நீட்டிக்கலாம். எழுதத் தெரியாவிட்டால் நாங்கள் உதவுவோம். அவ்வளவுதான்.

இனி எழுதுவது. இங்கேதான் தமிழில் பேச்சு எழுதும் எல்லோருக்கும் வரும் சிக்கல் எனக்கும் வந்தது. கோப்பு ஆங்கிலத்தில் இருக்கிறது. கை தானாக அதை எழுத்துத் தமிழுக்குக் கொண்டுபோகிறது. முதல் பிரதியில் இப்படித் தொடங்கியிருந்தேன்: "நமது நிறுவனக் குடும்பத்தில் இன்று இணையும் உங்கள் அனைவரையும் வரவேற்பதில் பெருமகிழ்ச்சி அடைகிறேன்." ஆலைத் தலைவர் மதுரைப் பக்கத்துக்காரர், அப்ரென்டிஸாக இருந்து மேலே வந்தவர். தாளை வாங்கி வாய்விட்டு வாசித்தார். "இணையும்" என்ற இடத்திலேயே குரல் மாறிவிட்டது. நிறுத்திவிட்டுச் சொன்னார்: "இது நான் பேசற மாதிரி இல்லம்மா. அப்புறம் குடும்பம்னு போடாத. குடும்பத்துல யாரும் மெமோ குடுக்கமாட்டாங்க. வேலைக்கு வந்திருக்காங்க, வேலைக்கு வந்தவங்ககிட்ட பேசற மாதிரி எழுது."

சரி என்று, மறுநாள் டீ நேரத்தில் அவரைப் பேசவிட்டேன். முதல் நாள் வேலைக்குப் போனது நினைவிருக்கிறதா சார் என்று மட்டும் கேட்டு, அனுமதி வாங்கிப் போனில் பதிவு செய்துகொண்டேன். பன்னிரண்டு நிமிடம் பேசினார். பிரஸ் ஷாப்பில் சேர்ந்த இரண்டாவது வாரம், பிரஸ் மெஷினின் அச்சான டையில் சிக்கிக்கொண்ட தகட்டுத் துண்டை எடுக்கக் கையை உள்ளே நீட்டப் போனாராம். ஃபோர்மேன் சட்டைக் காலரைப் பிடித்துப் பின்னால் இழுத்துவிட்டார். திட்டவில்லை. மெஷினை நிறுத்தி, கொக்கியால் துண்டை எடுத்துக் காட்டி, "இந்தக் கொக்கி நாலு ரூபா. விரல் எங்க விக்குது, போய் வாங்கிட்டு வா" என்று மட்டும் சொன்னாராம். பாதுகாப்பின் பொன்விதிகள் என்று கோப்பில் நாலு ஸ்லைடு உண்டு. நாலையும் ஓரமாக வைத்துவிட்டு இந்தச் சம்பவத்தை வைத்தேன். அதன் பின்னால் ஒரே ஒரு கட்டளை. சிக்கினால் கை வைக்காதே, மஞ்சள் பெட்டியில் இருக்கும் சிவப்புப் பட்டனை அமுக்கு, சூப்பர்வைசரைக் கூப்பிடு. நிறுத்தியதற்காக உன்னை யாரும் திட்டமாட்டார்கள்.

கடைசி வாசகத்தை எழுதுமுன் உற்பத்தி மேலாளரிடம் போய், உண்மையிலேயே திட்டமாட்டீர்களா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "எழுதுங்க, லைன்ல நான் சொல்லிடறேன்" என்றார். தலைவர் மேடையில் ஒன்று சொல்லி, லைனில் வேறொன்று நடந்தால் அந்தப் பேச்சு முழுவதையும் மறுநாளே யாரும் நம்பமாட்டார்கள்.

பதிவைக் கேட்டு எழுதியபோது பேச்சுத் தமிழிலேயே, அவர் உச்சரிக்கிறபடியே எழுத்துக்கூட்டினேன். பார்க்க ஒரு மாதிரியாக இருக்கும். அலுவலகத் தாளில் இப்படி எழுதலாமா என்று தயக்கம் வரும். ஆனால் எழுத்துத் தமிழில் கொடுத்தால் மேடையில் நிற்பவர் வாசிக்கும்போதே மனசுக்குள் பேச்சுத் தமிழுக்கு மாற்றவேண்டியிருக்கிறது. அந்த வேலையில் கண் தாளை விட்டு எழும்பாது. எண்களையும் எழுத்தில் போட்டேன். சம்பளப் பகுதி கடைசியில் இப்படி வந்து நின்றது:

> இப்ப சம்பளம். கவனமா கேளுங்க. நம்ம கம்பெனியில மாசம்ங்கிறது ஒண்ணாந்தேதிலேர்ந்து முப்பதாந்தேதி வரைக்கும் கிடையாது. போன மாசம் இருபத்தாறுலேர்ந்து இந்த மாசம் இருபத்தஞ்சு வரைக்கும். நீங்க இன்னைக்கு, நாலாந்தேதி சேர்றீங்க. நாலுலேர்ந்து இருபத்தஞ்சு வரைக்கும் எண்ணுங்க, இருபத்திரண்டு நாள். அந்த இருபத்திரண்டு நாள் சம்பளம்தான் செப்டம்பர் முப்பதாந்தேதி சனிக்கிழமை வரும். முழு மாசச் சம்பளம் அக்டோபர் கடைசியிலதான். ரூம் அட்வான்ஸ், வீட்டுக்கு அனுப்பறது எல்லாத்தையும் இத வச்சுக் கணக்குப் போட்டுக்குங்க.

ஆங்கிலத்தில் ஒற்றை வரியாக இருந்தது இது. பேச்சில் அரைநிமிடத்துக்கு மேல் எடுக்கிறது. அந்த நேரத்தைக் கொடுக்கலாமா என்று ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. தொகையையும் சொல்லிவிடலாமே என்று தலைவர் கேட்டார். ஐ.டி.ஐ., டிப்ளமோ, டிகிரி என்று சம்பளம் வேறு வேறு. ஒருவர் தொகையை எல்லோர் முன்னாலும் சொல்வது சரியில்லை. ஆகவே நாள் கணக்கை மட்டும் மேடையில் சொல்லி, தொகையை அவரவர் தாளில் பேனாவால் எழுதினோம். 16,500 வாங்கும் பையனுக்கு ஆகஸ்ட் 26 முதல் செப்டம்பர் 25 வரையுள்ள 31 நாளில் 22 நாளுக்குச் சுமார் 11,700; பிடித்தம் போகக் கையில் 10,200ஐ ஒட்டி வரும். பழைய கம்பெனியில் பி.எஃப். எண் இருந்தால் அதையே சொல்லவேண்டும், ஆதாரில் உள்ள எழுத்துப்படியே பெயர் இருக்கவேண்டும் என்பதெல்லாம் அதே தாளின் பின்பக்கம் போனது. பேசிக் கேட்டு நினைவில் வைக்கிற விஷயம் இல்லை அது.

விடுப்பு விதிகள் கோப்பில் மூன்று ஸ்லைடு. அனுமதியின்றித் தொடர்ந்து மூன்று நாளுக்கு மேல் வராவிட்டால் ஒழுங்கு நடவடிக்கை என்று முடியும். முதல் நாளே நடவடிக்கை என்று பயமுறுத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. வரமுடியாவிட்டால் என்ன செய்வது என்பதுதான் அவர்களுக்குத் தெரியவேண்டியது. "வர முடியலன்னா ஷிப்ட் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி டைம் ஆபீசுக்கு ஒரு போன் பண்ணுங்க. நம்பர் உங்க தாள்ல முதல் வரியில இருக்கு. சூப்பர்வைசருக்கு வாட்ஸ்அப்புல போட்டுட்டா போதும்னு நினைக்காதீங்க, அவர் லைன்ல இருக்கிறப்ப போன் பாக்கமாட்டார்." இப்படி எழுதினேன்.

நீளம் எவ்வளவு என்பதை வாசித்துத்தான் கண்டுபிடிக்கவேண்டும். தலைவர் குரலில், இடையிடையே நிறுத்தி, ஆட்களைப் பார்த்துப் பேசும்போது நிமிடத்துக்கு 90 சொல்தான் போனது. பத்து நிமிடத்துக்கு 900 சொல். என் இரண்டாம் பிரதி 1,400 சொல் இருந்தது. குறைப்பதற்கு ஒரு வழிதான் கைகொடுத்தது. ஒவ்வொரு வாக்கியத்திலும் இதை இன்றைக்கே கேட்காவிட்டால் இந்த வாரத்தில் என்ன கெடும் என்று பார்ப்பேன். ஒன்றும் கெடாது என்றால் தாளுக்குப் போய்விடும். அச்செடுக்கும்போது 16 புள்ளி எழுத்து, வரிக்கு ஒரு வாக்கியம், ஒரு வாக்கியம்கூடப் பக்கம் தாண்டாதபடி.

ஒத்திகையில் ஒரு விபத்து தப்பியது. உற்சாகத்தில் தலைவர் தாளில் இல்லாத ஒன்றைச் சொல்லிவிட்டார்: "ஒரு வருஷம் ஒழுங்கா இருந்தீங்கன்னா எல்லாரும் பெர்மனென்ட்டுதான்." அவர்களின் பயிற்சிக் கடிதத்தில் அப்படி எந்த உறுதியும் இல்லை. காலியிடமும் மதிப்பீடும் பார்த்து எடுக்கலாம் என்றுதான் இருக்கிறது. ஆலைத் தலைவர் மேடையில் சொன்னதை நம்பி ஒருவன் வேறு வேலையை விட்டுவிட்டால் அது பெரிய துரோகம். சார், கடிதத்தில் உள்ள வாசகத்தைத் தாண்டிப் போகவேண்டாம் என்று சொன்னேன். ஒப்புக்கொண்டார். சம்பளம், நிரந்தரம், ஊதிய உயர்வு இந்த மூன்றிலும் தாளில் உள்ளதை மட்டும்தான் சொல்வது என்று அந்தப் பக்கங்களுக்கு மட்டும் ஓரத்தில் சிவப்புக் கோடு போட்டுக் கொடுத்தேன்.

38 பேரில் ஆறு பேர் ஒடிசாக்காரர்கள். பத்தி பத்தியாக மொழிபெயர்த்துக்கொண்டே போனால் பேச்சு இரட்டிப்பாகும், இரண்டு தரப்புக்கும் கவனம் சிதறும். பிரஸ் ஷாப்பில் ஆறு வருடமாக இருக்கும் ஒடிசாக்காரர் ஒருவரை முன்கூட்டியே உட்காரவைத்து ஒவ்வொரு வரியையும் விளக்கினேன். அவர் அந்த ஆறு பேரைப் பக்கத்து அறையில் வைத்துத் தம் மொழியில் அதே விஷயத்தைச் சொன்னார். பிறகு அவர்கள் வந்து எல்லோரோடும் உட்கார்ந்துகொண்டார்கள்.

செப்டம்பர் 4 அன்று எல்லாம் சரியாக நடந்தது என்று சொல்லமாட்டேன். பஸ் ஒன்று தாமதமாகி ஏழு பேர் பேச்சு தொடங்கி மூன்று நிமிடம் கழித்து உள்ளே வந்தார்கள். முதல் மூன்று நிமிடத்தில் பாகம் எந்த வண்டிக்குப் போகிறது, கொக்கிக் கதை என்று இருந்தது. சம்பளப் பகுதி ஐந்தாவது நிமிடத்தில் வந்ததால் தப்பித்தோம். ஆனால் கொக்கிக் கதையை அந்த ஏழு பேர் கேட்கவில்லை. பிரஸ் ஷாப்புக்குப் போகிறவர்கள் அவர்களில் இருவர். பாதுகாப்பு அதிகாரியிடம் சொல்லி லைனுக்குப் போகுமுன் அவர்களுக்குத் தனியாகச் சொல்லவைத்தேன். அடுத்த முறை முதல் மூன்று நிமிடத்துக்கு, தவறவிட்டாலும் பரவாயில்லை என்கிற செய்தியை மட்டும் வைத்தேன். அரங்கத்துக்குப் பக்கத்தில் கம்ப்ரஸர் அறை இருப்பதையும் அன்றுதான் கவனித்தோம். கடைசி வரிசைக்குப் பாதிப் பேச்சு கேட்கவில்லை என்று ஒரு பெண் பிறகு சொன்னாள்.

செப்டம்பர் 30 மாலை என் அறைக்கு இரண்டு பேர் வந்தார்கள். ஒருவருக்குச் சம்பளச் சீட்டு எங்கே எடுப்பது என்று தெரியவில்லை. அது பேச்சிலும் இல்லை, தாளிலும் இல்லை, தாளில் சேர்த்தேன். இன்னொருவருக்கு வங்கிக் கணக்கு எண்ணில் ஒரு இலக்கம் தவறு. தொகை ஏன் குறைவு என்று கேட்டு யாரும் வரவில்லை.

இப்போது ஒவ்வொரு சேர்க்கைக்கும் முந்தைய வெள்ளிக்கிழமை அந்தப் பேச்சுக் கோப்பைத் திறக்கிறேன். முதல் பக்கத்தின் தலைப்பில் கூப்பிடவேண்டிய ஐந்து பேர் இருக்கிறார்கள்: பாதுகாப்பு அதிகாரி, கேன்டீன், போக்குவரத்து, டைம் ஆபீஸ், புகார் குழுத் தலைவி. ஐந்து பேரையும் கூப்பிட்டு, ஏதாவது மாறியிருக்கிறதா என்று கேட்டுத் தேதி போட்டுக்கொள்கிறேன். புகார் குழு எண்ணை நானே சுழற்றிப் பார்க்கிறேன். அப்புறம் சேரும் தேதியிலிருந்து 25 வரை விரலால் எண்ணி, சம்பளப் பத்தியில் அந்த நாள் கணக்கை மாற்றுகிறேன்.